ஒன்பதாவது ஷரத்து

மச்சானின் டைல்ஸ் கடையில் வாடிக்கையாளர்கள் உட்கார நாற்காலி கிடையாது. கழுவு தொட்டிகள், குழாய்கள், விற்பனைக்கு வைத்த வெள்ளை வெளேரென்ற கழிப்பறைப் பீங்கான்கள் இவைதான் உண்டு. வக்கீல் அப்படி ஒரு பீங்கானின் மூடியைச் சாத்தி அதன் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் வங்கி வரைவோலை. அசலும் வட்டியும் கடைசிக் காசு வரை அதில் இருந்தன. தன் வீட்டை மீட்கப் போகிற மனிதன் உட்காரக்கூடிய இடம் இதுவல்ல என்று அவருக்கும் தெரியும். ஆனால் மனசு அவ்வளவு லேசாக இருந்ததால் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சு மச்சான். போன வருஷமே முடிச்சிருக்கணும். கட்சிக்காரன் ஃபீஸை இழுத்தடிச்சிட்டான்" என்று வரைவோலையை நீட்டினார்.

மச்சான் அதைத் தொடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி ஒரு டைல்ஸ் துண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். நல்ல மனிதர், கூட்டல் கழித்தலைத் தவிர வேறு எதிலும் பிடிவாதம் பிடிக்காதவர்.

"கெடு முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு மாப்ள."

"அதான் எட்டு மாசத்துக்கும் சேத்து வட்டி போட்டிருக்கேனே."

"வட்டிய விடுங்க. ஒன்பதாவது ஷரத்துப்படி வீடு இப்ப என்னுது."

வக்கீல் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு, மனப்பாடமாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்: "மேற்படி கெடுவுக்குள் அசலும் வட்டியும் செலுத்தத் தவறினால், சொத்தை மீட்கும் உரிமை அக்கணமே அற்றுப்போய், சொத்து கடன் கொடுத்தவருக்கே சர்வ சுதந்திர பாத்தியமாகச் சேர வேண்டியது. இது குறித்துக் கடன் வாங்கியவரோ அவர் வாரிசுகளோ எந்த நீதிமன்றத்திலும் வாய் திறக்கக்கூடாது."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. தன் வசனத்தைப் பிறர் வாயால் கேட்கிற பூரிப்பில் வக்கீலுக்கு முதல் ஒரு நொடி சந்தோஷம் கூட வந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்புறம்தான் அந்த வசனம் தன் வீட்டைப் பற்றியது என்பது உறைத்தது.

இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அடமானப் பத்திரம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது நீதிமன்ற வளாகத்தில் நிலவிய அபிப்பிராயம். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு அவருடையதுதான். ஷரத்து வக்கீல் என்று கிண்டலாக வைத்த பெயரை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டவர். வட்டிக்கு விடுகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே வார்ப்பு, எல்லாவற்றிலும் அந்த ஒன்பதாவது ஷரத்து. 'வாய் திறக்கக்கூடாது' என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத அவருடைய சொந்தக் கைவண்ணம். அதைப் படித்துக் காட்டும்போது கடன் வாங்குகிறவர்களின் முகம் சுண்டிப்போவதையும், கொடுக்கிறவர்களின் முகம் மலர்வதையும் பார்ப்பதில் அவருக்கு ஒரு கலைஞனின் திருப்தி இருந்தது.

ஐந்தே முக்கால் வருடத்துக்கு முன்னால் மாடி கட்ட மச்சானிடம் கடன் வாங்கினார். மனைவி பல் செட்டு செய்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பாரிஸ் சாந்துக் கலவை ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பாள். சமையலறை மூலையில் அதைச் செய்துகொண்டிருந்தவளுக்கு வெளிச்சமான அறை ஒன்று மாடியில் வேண்டும் என்பதற்காகத்தான் கடன். "நமக்குள்ள எதுக்கு மாப்ள எழுத்தெல்லாம்?" என்று மச்சான் அன்றைக்கே சொன்னார். கேட்டாரா? "பத்திரம்னா பத்திரமா இருக்கணும் மச்சான்" என்று கணினியைத் திறந்து, வழக்கமான வார்ப்பை எடுத்து, கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் மச்சான் பெயரையும் வாங்கியவர் என்ற இடத்தில் தன் பெயரையும் போட்டு அச்செடுத்தார். வாழ்நாள் முழுக்கக் கடன் கொடுப்பவர் பக்கமே நின்று எழுதிய கை, அன்றைக்குத் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதையே கவனிக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் ஒன்பதாவது ஷரத்தை மச்சானுக்குப் பெருமையாகப் படித்து வேறு காட்டினார். மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆக, தன் கழுத்துக்குத் தானே அளவெடுத்துக் கயிறு திரித்த ஒரே வக்கீல், இப்போது ஒரு கழிப்பறைப் பீங்கான் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், அந்த ஷரத்து செல்லாது."

"என்னது?"

"அடமானம்னா பணத்துக்கு ஈடு, அவ்வளவுதான். கெடு தாண்டினாலும் பணத்தைக் கட்டி மீட்டுக்கலாம். அந்த உரிமைக்கு அதே பத்திரத்துல முட்டுக்கட்டை போட்டா, சட்டம் அந்த முட்டுக்கட்டையைத் தூக்கி எறிஞ்சிடும். வாங்கினவனே சம்மதிச்சு எழுதியிருந்தாலும் சரிதான். கஷ்டத்துல கடன் வாங்குறவன் எதுக்கும் தலையாட்டுவான்னு சட்டத்துக்குத் தெரியும்."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "செல்லாததை எதுக்கு எழுதினீங்க?"

இருபத்தைந்து வருட அனுபவசாலி வரைவோலையைப் பையில் வைத்துக்கொண்டு, பீங்கான் மேலிருந்து எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரு கீழ்த்தாடை அச்சை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும் வரை அதைக் கீழே வைக்கவில்லை.

"வீடு போயிடுமா?"

"போகாது. கோர்ட்டுல பணத்தைக் கட்டிட்டு மீட்பு வழக்குப் போட்டா, சாதாரணமா ஜெயிச்சிடலாம். அதுல சந்தேகமே இல்ல."

"அப்ப போட வேண்டியதுதானே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நான்தான் எழுதினேன். அது செல்லாதுன்னு நானே கூண்டுல ஏறிச் சொல்லணும்."

அவள் அப்போதுதான் அச்சைக் கீழே வைத்தாள். "செல்லாதுன்னு தெரிஞ்சே இத்தனை வருஷமா அதுக்கு ஃபீஸ் வாங்கினீங்களா?"

"செல்லாது, ஆனா வேலை செய்யும். படிச்சதும் பயந்துபோய் ஒழுங்கா கட்டிடுவாங்க."

"ஓ" என்றாள். அந்த ஒற்றை எழுத்தை அவர் எந்த எதிர்த்தரப்பு வக்கீலிடமும் அப்படிக் கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து மச்சானே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். கூட யாரும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து, தங்கை கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அண்ணனைக் கவலையோடு பார்த்துக்கொண்டே தங்கை கதவோரம் நின்றாள்.

"மாப்ள, கோர்ட்டு வேண்டாம். உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அலைச்சல். வீட்டுக்கு மேற்கொண்டு ஒரு தொகை தர்றேன். கடனையும் கழிச்சுக்கலாம். மீட்கிற உரிமையை விட்டுக் குடுக்குறேன்னு புதுசா ஒரு பேப்பர், அவ்வளவுதான். கீழ்த்தளம் மட்டும் எனக்கு, நீங்க மாடியில வாடகைக்கு இருக்கலாம். இவ பட்டறையும் எங்கயும் போகாது. உங்க ஷரத்து செல்லாதுன்னு ஊருக்குத் தெரியவே தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியம் நேராகப் போய் வக்கீலின் பலவீனமான இடத்தில் உட்கார்ந்தது. இந்த இரண்டு வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை. கனவிலும் நனவிலும் ஒரே காட்சிதான். தான் கூண்டில் நிற்கிறார். பின் பெஞ்சுகளில் தன் கட்சிக்காரர்களான வட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் பெட்டியிலும் ஒன்பதாவது ஷரத்து. தொழிலே படுத்துவிடும். அதை விட, சிரிப்பார்கள். வீட்டை விட அந்தச் சிரிப்புதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. இப்படியும் ஒரு மனிதன்!

தாளை வாங்கிப் பார்த்தார். கடை கணக்குப்பிள்ளை யாரோ எழுதியது போலிருந்தது. சொத்து விவரம் அரைகுறை, பழைய பத்திரத்தின் எண் இல்லை, மேற்கொண்டு தருகிற தொகை தனியாகச் சொல்லப்படவில்லை. அவருக்குக் கை அரித்தது. "இப்படி எழுதினா கந்தலாயிடும் மச்சான்" என்று பேனாவை எடுத்தார். நான்கு எல்லைகளையும் எழுதினார். 'அடமானப் பத்திரத்துக்குப் பிற்பட்ட, அதனோடு சம்பந்தமில்லாத, தனி ஒப்பந்தம்' என்று ஒரு வரி சேர்த்தார். 'போதிய பிரதிபலனைப் பெற்றுக்கொண்டு, யாருடைய நிர்ப்பந்தமும் இன்றி' என்று இன்னொன்று. வரி வரியாக அந்தத் தாள் உயிர் பெற்று எழுந்து உட்கார்ந்தது. மச்சான் வாய் பிளந்து பார்த்தார். வக்கீலுக்குப் பல நாளைக்கப்புறம் தன் மேலேயே மரியாதை வந்தது.

கையெழுத்துப் போடப் பேனாவைக் கீழே இறக்கியபோது மனைவி கேட்டாள்.

"இது செல்லுமா?"

"நல்லாச் செல்லும். அடமானத்துக்குள்ளேயே எழுதின முட்டுக்கட்டைதான் செல்லாது. பின்னால தனியா, மனசார விக்கிறதை யாரும் தடுக்க முடியாது. ஒரு கோர்ட்டும் இதை அசைக்க முடியாது" என்றார் பெருமையோடு.

"அப்ப இத்தனை வருஷத்துல நீங்க எழுதினதுலயே செல்லுபடியாகறது, நம்ம வீட்டை எழுதிக் குடுக்கிற இது ஒண்ணுதானா?"

பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. வக்கீல் தன்னைத் தானே ஒரு முறை வெளியிலிருந்து பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. சட்டம் அவருக்காக எல்லாக் கதவையும் திறந்து வைத்திருந்தது. தன் கையெழுத்தாலன்றி வேறு யாராலும் பறிக்க முடியாத வீடு. அதை, நாலு பேர் சிரிக்கக்கூடாது என்பதற்காக, அழகாக வேறு எழுதி, கொடுக்கப் பார்த்தார். மூடி போட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"கோர்ட்டுக்கே போயிடலாம் மச்சான்."

மச்சான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்தத் தாளை மனைவி எடுத்து நான்காகக் கிழித்து, மெழுகு உருக்கும் அடுப்பில் போட்டாள். அத்தனை நல்ல வரைவு எரிவதைப் பார்க்க வக்கீலுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பணத்தை நீதிமன்றத்தில் கட்டினார். வழக்கைத் தானே நடத்தினார். வேறு வக்கீலை வைத்தால் அவரிடம் இன்னொரு முறை முழுக்கதையையும் சொல்ல வேண்டும். விசாரணை நாளன்று மின்விசிறி டக்டக்கென்று அடித்துக்கொள்ளும் அந்தச் சின்னக் கூடத்தில் பின் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. கனவு பலித்திருந்தது. ஒரே வித்தியாசம், கனவில் அவருடைய கருப்பு அங்கியில் காலையில் கொட்டிய பற்பசைக் கறை இல்லை.

மச்சான் வைத்திருந்த வக்கீல் குட்டையானவர், குரல் மட்டும் நெட்டை.

"அடமானப் பத்திரம் எழுதுறதுல நீங்க நிபுணர், சரியா?"

"அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

பின் பெஞ்சில் முதல் சிரிப்பு கிளம்பியது.

"ஒன்பதாவது ஷரத்தை எழுதினது யாரு?"

"நான்தான்."

"யாராவது கழுத்துல கத்தி வெச்சாங்களா?"

"இல்ல. வெச்சிருந்தா கொஞ்சம் கௌரவமா இருந்திருக்கும்."

"எழுதும்போதே அது செல்லாதுன்னு தெரியுமா? தெரிஞ்சு எழுதியிருந்தா என் கட்சிக்காரரை ஏமாத்தியிருக்கீங்க. தெரியாம எழுதியிருந்தா நீங்க வக்கீலே இல்ல. ரெண்டுல எது?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை நாள் பயந்திருந்தார். வந்த பிறகு பார்த்தால் அவ்வளவு பெரிதாக இல்லை.

"தெரியும். ஆனா எனக்கு எதிரா நானே எழுதிக்கிறேன்னுதான் தெரியல. பழக்கதோஷம். மூணாவதா ஒண்ணு இருக்கு சார், முட்டாள்தனம். அதைக் குறிச்சுக்கங்க."

கூடமே சிரித்தது. கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த எழுத்தர் கூடத் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"வக்கீல் சார், அவருக்குத் தெரியுமா தெரியாதாங்கிறது இங்க கேள்வியே இல்ல. கடன் வாங்கினவர் படிக்காதவரா இருந்தாலும், சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவரா இருந்தாலும், அடமானத்துல அவருக்கு உள்ள மீட்பு உரிமை ஒண்ணுதான். நானே எழுதினேன், அதனால கட்டுப்படுறேன்னு அவரே சொன்னாலும் இந்த ஷரத்துக்கு உயிர் வராது. பின்னால தனியா ஏதாவது எழுதி உரிமையை விட்டுக் குடுத்தாரா?"

"இல்லம்மா" என்றார் எதிர் வக்கீல்.

மனைவியைத் திரும்பிப் பார்க்க ஷரத்து வக்கீலுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. ஒன்பதாவது ஷரத்து செல்லாது. கட்டிய பணத்தை மச்சான் எடுத்துக்கொண்டு, மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, அடமானம் தீர்ந்ததாக எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். வீடு மிஞ்சியது. வட்டிக்காரர்கள் யாரும் கை கொடுக்கவில்லை; அவர்களில் ஒருவர் போகிற போக்கில், "எழுதினதுக்கு வாங்கின ஃபீஸைத் திருப்பித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான்.

தாழ்வாரத்தில் மனைவி கைப்பையோடு காத்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன். தோற்ற முகமாக இல்லை அது. வேறு எதையோ கணக்குப் போட்டுக் குழம்பிய முகம். வக்கீல் வந்ததும் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்; மனைவியும் கூடவே போனாள்.

"மாப்ள, அந்த ஜட்ஜம்மா சொன்னது எல்லாருக்கும் பொருந்துமா? வக்கீலுங்கறதால உங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தேன்."

"எல்லாருக்கும்தான். ஏன்?"

"ரெண்டு வருஷம் முன்னால சரக்குப் போட பைனான்ஸ்காரர்கிட்ட என் கோடவுனை அடமானம் வெச்சேன். இவகிட்டக் கூடச் சொல்லல. கெடு தாண்டிடுச்சு. பத்திரத்தைப் படிச்சேன், ஒன்பதாவதுல அப்படியே போட்டிருந்துச்சு. சரி, போனது போச்சுன்னு சாவியைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டேன். இப்ப சரக்கு வைக்க இடமில்லாம வாடகைக் கொட்டகையில கிடக்கு, பாதி உடைஞ்சு போச்சு. அதுக்குத்தான் மாப்ள உங்க வீட்டைக் கேட்டேன். ஒரு காகிதம் என் இடத்தை எடுத்துக்கிட்டா, அதே காகிதம் எனக்கும் ஒரு இடம் குடுக்கும்னு நினைச்சேன்."

தங்கை "அண்ணா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் இத்தனை நாளும் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அது சௌகரியமாகவும் இருந்தது. தன்னைத் தானே கேலி செய்கிறவனை ஊர் சீக்கிரம் மன்னித்துவிடும். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த அடமானத்தை எழுதிய நாள் அவருக்கு நினைவிலேயே இல்லை. பைனான்ஸ்காரர் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்ட பத்தோடு பதினொன்றாக இருந்திருக்கும். யார் பெயர் என்று கூடப் பார்க்காமல் அச்செடுத்திருப்பார். படித்ததும் பயந்து ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள் என்றுதான் மனைவியிடம் சொன்னார். கட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர் யோசித்ததே கிடையாது. சாவியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஒருவரும் கேள்வி கேட்காமல், ஒரு வழக்கும் இல்லாமல்.

"மச்சான், சாவி குடுத்ததுக்கு அப்புறம் ஏதாவது கையெழுத்துப் போட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கிரயம், விடுதலைப் பத்திரம், வெறும் தாள், ஏதாவது?"

"ஒண்ணும் போடல. அவரும் கேக்கல. பத்திரத்துலயே எல்லாம் இருக்குன்னாரு."

வக்கீல் அங்கிருந்த மர பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப இடம் உங்களுதுதான். சாவி போனா உரிமை போயிடாது. கோர்ட்டுல நான் கட்டின பணம் உங்களுக்கு வருது இல்ல, அதை வெச்சு மீட்டுக்கலாம்."

"அவர் ஒத்துக்குவாரா?"

"மாட்டார். வழக்குப் போடணும்."

"நடத்தித் தருவீங்களா?"

"எழுதினவன் எதிர்த்து வாதாடினா அழகில்ல மச்சான். எதிர்த்த அறையில வக்கீலம்மா இருக்காங்க, அவங்க நடத்தட்டும். நான் சாட்சிக்கு வர்றேன்."

"ஃபீஸ்?" என்று மச்சான் வழக்கம் போல ஆரம்பித்தார்.

"அது இவர் குடுப்பாரு" என்றாள் மனைவி.

வக்கீல் தலையாட்டினார். மறுபடியும் அதே கூண்டு, அதே கேள்வி, அதே பின் பெஞ்சு. இந்தத் தடவை அவர் வீட்டுக்காக இல்லை. யாரும் கூப்பிடாமல், தானாகவே ஏறி நின்று, அதை எழுதிய கை இதுதான் என்று தூக்கிக் காட்ட வேண்டும். பெஞ்சிலிருந்து எழுந்து, மச்சானின் தோளில் கை வைத்து, வக்கீலம்மாவின் அறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"அவங்ககிட்ட முதல்ல கோடவுன் கதையைச் சொல்லுங்க" என்றார். "அப்புறம் என்னைக் காட்டி, இவர்தான் எழுதினார்னு சொல்லுங்க. நான் கூடவே நிக்கிறேன்."